சேங்ஷன் லெட்டரில் ஒளிந்திருக்கும் 781 ரூபாய்

“30 லட்சம் வீட்டுக் கடன் கேட்டிருந்தேன், 20 வருடத்துக்கு. வங்கியிலிருந்து சேங்ஷன் லெட்டர் வந்துவிட்டது. ஃபிக்ஸட் வட்டி 8.50% என்று ஏஜெண்ட் சொன்னார். ஆனால் லெட்டரில் ‘முதல் 24 மாதங்களுக்கு 8.50%, அதன்பின் ரெப்போ 5.25% + 3.25%’ என்று இருக்கிறது. ப்ராசஸிங் ஃபீ 15,000 பிளஸ் வரி, வக்கீலுக்கும் மதிப்பீட்டுக்கும் 4,000. முன்கூட்டிக் கட்டினால் 2% கட்டணம் என்று ஒரு வரியும் இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டால் இஎம்ஐ 26,035 வருகிறது, லெட்டரில் 26,816 என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?”

இஎம்ஐ வித்தியாசத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதுதான் பெரிய விஷயம். ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் பதினாறு வருடம் இந்த மாதிரி லெட்டர்களைத் தயாரித்தவன் நான். இஎம்ஐ ஒத்துவரவில்லை என்றால் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டிருக்காது. வட்டி, வருடம், கடன் தொகை இந்த மூன்றில் ஏதோ ஒன்று நீங்கள் நினைத்ததாக இருக்காது. 8.50 சதவீதத்தில் 20 வருடத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மாதம் 868 ரூபாய் வரும். உங்களுக்குக் கூடுதலாக வந்திருப்பது 781. இதை 868-ஆல் வகுத்தால் 0.90. அதாவது உங்கள் கடன் 30 லட்சம் இல்லை, 30,90,000. லெட்டரின் முதல் பக்கத்தில் ‘கடன் தொகை’ என்ற இடத்தையும், அதற்குக் கீழே ‘இதில் அடங்கியவை’ என்கிற மாதிரி வரும் சின்ன எழுத்தையும் பாருங்கள்.

90,000 கூடியிருக்கிறது என்பது கணக்கு, அதில் சந்தேகம் இல்லை. அது எதற்காக என்பது என் ஊகம்: கடனோடு சேர்த்து விற்கப்படும் ஆயுள் காப்பீட்டின் ஒரே தவணை பிரீமியம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிரீமியத்தைக் கையிலிருந்து கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள், கடனிலேயே சேர்த்துவிட்டால் மாதம் 781 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 781-ஐ 240 மாதம் கட்டினால் 1,87,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 90,000 ரூபாய் பாலிசியை இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிக்கிற ஒருவரை நம்பி 30 லட்சம் கடன் வாங்குகிற வீட்டில் ஒரு டேர்ம் பாலிசி இருப்பது நல்லதுதான். அதை வெளியே தனியாக எடுத்து, பிரீமியத்தை வருடா வருடம் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வங்கியில் நேரடியாக இப்படிக் கேளுங்கள்: “இந்தக் காப்பீடு கடனுக்கான நிபந்தனையா, அப்படியென்றால் அது லெட்டரில் எந்த வரியில் இருக்கிறது?” வாயால் “எல்லாரும் எடுக்கிறாங்க சார்” என்று சொல்வது நிபந்தனை ஆகாது. வேண்டாம் என்றால், அதை நீக்கி 30 லட்சத்துக்குப் புதிய லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய லெட்டரின் மேல் பேனாவால் அடித்துத் தருவதை ஏற்காதீர்கள்.

சேங்ஷன் லெட்டரோடு இன்னொரு தாளும் வந்திருக்க வேண்டும். கேஎஃப்எஸ் என்பார்கள், கடனின் முக்கிய விவரங்களை ஒரே இடத்தில் சொல்லும் அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் எல்லா புதிய தவணைக் கடன்களுக்கும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வந்தபின் நிதானமாக யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்களாவது உங்களுக்கு உண்டு. அதற்குள் விதிமுறையை மாற்றிவிட முடியாது. அதனால் “இன்னைக்கே கையெழுத்துப் போட்டாதான் இந்த ரேட்” என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம்.

கேஎஃப்எஸ்ஸில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு, நீங்கள் கட்டும் கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்தால் கடனின் உண்மையான விலை எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ப்ராசஸிங் ஃபீ 15,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,700, ஆக 17,700. வக்கீல், மதிப்பீட்டுச் செலவு 4,000-ஐயும் சேர்த்தால் 21,700. இதை மட்டும் சேர்த்தால் 8.50 என்பது ஏறக்குறைய 8.60 ஆகிறது. 90,000 ரூபாய் காப்பீட்டையும் சேர்த்தால் 9.0-ஐத் தொடுகிறது. ப்ராசஸிங் ஃபீயில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் காப்பீட்டுத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஃபீயில் பேரம் பேசுங்கள், தப்பில்லை, பண்டிகைக் காலத்தில் அதை முழுசாகவே தள்ளுபடி செய்வதுண்டு. ஆனால் கடனின் விலையை ஏற்றுவது அதுவல்ல.

கட்டணங்கள் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ப்ராசஸிங் ஃபீ பெரும்பாலும் திரும்பி வராது, கடனை எடுக்காமல் விட்டாலும். வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் எம்ஓடி செலவு, முத்திரைத் தீர்வை மாதிரியானவை அரசுக்குப் போகிறவை, அதில் வங்கி சலுகை தர முடியாது. கேஎஃப்எஸ்ஸில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கக்கூடாது. அதனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். ஏஜெண்ட் சொன்ன ‘ஃபிக்ஸட்’ பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. உங்களுடையது இரண்டும் கலந்த கடன். 24 மாதம் வட்டி அசையாது, அதற்கப்புறம் 18 வருடம் மாறிக்கொண்டே இருக்கும், இதைத்தான் ஃப்ளோட்டிங் என்பார்கள். இதைப் படிக்கும்போது 24 மாதத்தை விட்டுவிட்டு அடுத்த வரியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம், அதை உங்கள் வங்கி தீர்மானிப்பதில்லை. 3.25 என்ற கூடுதலை ஸ்ப்ரெட் என்பார்கள், அதைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி. இரண்டையும் கூட்டினால் இன்றைக்கு 8.50. ஆனால் 25-ஆவது மாதம் ரெப்போ என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரி வெளியே உள்ள ஓர் அளவுகோலோடுதான் இணைக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்த வேண்டும். ரெப்போ இறங்கினால் உங்களுக்கும் இறங்கியே ஆக வேண்டும் என்பதற்கு இதுதான் காப்பு. ஸ்ப்ரெட்டிலும் ஒரு காப்பு உண்டு: உங்கள் கடன் தகுதி பெரிய அளவில் மாறினாலொழிய அதில் உள்ள ‘ரிஸ்க்’ பகுதியை ஏற்ற முடியாது, மற்ற பகுதிகளையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே உங்கள் லெட்டரில் 3.25 என்ற எண் எழுத்தில் இருப்பது நல்ல விஷயம். சில லெட்டர்களில் ‘அப்போது நடைமுறையில் உள்ள விகிதப்படி’ என்று மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் கையெழுத்துக்கு முன் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் கடன் என்றால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ரெப்போவோடு இணைக்கும் அந்தக் கட்டாயம் வங்கிகளுக்குத்தான். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். ரெப்போ குறைந்த அன்றே அங்கே குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

ரெப்போ எவ்வளவு ஆடும் என்று கேட்டால், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4.00 ஆக இருந்தது 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2025-இல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஏறினால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இன்றே கணக்குப் போட்டுவிடலாம்.

காப்பீட்டை நீக்கி, கடன் 30 லட்சம், இஎம்ஐ 26,035 என்று வைத்துக்கொள்வோம். 24 மாதம் கழித்து பாக்கி சுமார் 28,75,300 இருக்கும், மீதி 216 தவணை. அந்த நேரத்தில் வட்டி ஒரு சதவீதம் ஏறி 9.50 ஆகிறது. வங்கி உங்களைத் தொந்தரவு செய்யாமல் இஎம்ஐயை அப்படியே விட்டுவிட்டு தவணைகளை நீட்டினால், 216 என்பது 263 ஆகிவிடும். 47 மாதம், கிட்டத்தட்ட நான்கு வருடம் கூடுதல். அதற்குப் பதிலாகக் காலத்தை அப்படியே வைத்து இஎம்ஐயை ஏற்றச் சொன்னால் மாதம் 1,796 ரூபாய்தான் அதிகம். முதல் வழியில் நீங்கள் கடைசிவரை கட்டும் மொத்தத் தொகை இரண்டாவது வழியைவிட எட்டு லட்சத்துக்கு மேல் கூடுகிறது. இஎம்ஐ மாறாததால் ஒன்றும் நடக்கவில்லை என்றே பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். என்னிடம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார், ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியும் மீதித் தவணை 240-க்கு மேல் காட்டுகிறதே என்று. வட்டி ஏறிய தகவல் எஸ்எம்எஸ்ஸில் போயிருந்தது. இஎம்ஐ மாறாததால் அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2022-இல் ஏறிய மாதிரி இரண்டரை சதவீதம் ஏறினால் இந்த நீட்டும் வித்தையே பலிக்காது. 28,75,300 ரூபாய்க்கு 11 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 26,357. உங்கள் இஎம்ஐ 26,035. வட்டிக்கே பற்றாது, கடன் வளர ஆரம்பிக்கும். அப்படி வளரும்படி தவணையை நீட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, ஆகவே அந்தக் கட்டத்தில் இஎம்ஐ ஏறியே தீரும். அதே உத்தரவின்படி, வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் உங்களுக்குத் தர வேண்டும். லெட்டரில் ‘வட்டி மாறினால்’ என்று தொடங்கும் பத்தியைக் கண்டுபிடியுங்கள். அங்கே எது இயல்பாக நடக்கும் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் நீட்டுவதுதான். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வட்டி ஏறும் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டிக் கட்டினால் 2 சதவீதக் கட்டணம் என்ற அந்த வரிக்கான பதிலும் இந்த வட்டி வகையில்தான் இருக்கிறது. தனிநபர் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் வாங்கக்கூடாது. வீட்டுக் கடனில் வங்கிகளுக்கு 2012-இலிருந்தே இந்த விதி இருக்கிறது. 2026 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதிக்கப்படும் கடன்களுக்கு விதி இன்னும் தெளிவு: பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது, குறைந்தபட்சம் இத்தனை மாதம் கழித்துத்தான் என்று சொல்லக்கூடாது, முழுசாக அடைத்தாலும் பகுதியாகக் கட்டினாலும் ஒன்றுதான். உங்களுடையதைப் போன்ற கலப்புக் கடனில், கட்டும் நாளன்று கடன் ஃப்ளோட்டிங்கில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே முதல் 24 மாதத்தில் 2 சதவீதம் கேட்பது விதிக்கு உட்பட்டது. 25-ஆவது மாதத்திலிருந்து கேட்க முடியாது. உங்கள் லெட்டரில் அந்த வரி காலம் எதுவும் குறிக்காமல் பொதுவாக இருக்கிறது என்றால், ‘நிலையான வட்டிக் காலத்தில் மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். விதி உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனாலும் பின்னால் வாதாடுவதைவிட இப்போது ஒரு வரியைத் திருத்துவது சுலபம்.

அதற்காக 24 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 12-ஆவது மாதம் கையில் இரண்டு லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். 2 சதவீதம் 4,000, ஜிஎஸ்டி 720, ஆக 4,720 கட்டணம். இரண்டு லட்சத்துக்கு உங்கள் கடனில் ஓடும் வட்டி மாதம் 1,417. நான்காவது மாதத்துக்குள் கட்டணம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஃபிக்ஸட் காலம் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் பொறுங்கள். அதற்கு மேல் இருந்து, பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது என்றால் கட்டணத்தோடு கட்டிவிடுவதே லாபம். பணம் வேறெங்காவது நல்ல வட்டி ஈட்டுகிறது என்றால் கணக்கு மாறும்.

பகுதியாகக் கட்டும்போது ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள்: காலத்தைக் குறைப்பதா, இஎம்ஐயைக் குறைப்பதா. 24 மாதம் முடிந்ததும், வட்டி அதே 8.50-ஆக இருக்கும்போது, இரண்டு லட்சம் கட்டி இஎம்ஐயை அப்படியே விட்டால் 31 மாதத்துக்கு மேல் குறைகிறது, சுமார் 6.2 லட்சம் வட்டி மிச்சம். அதே இரண்டு லட்சத்துக்கு இஎம்ஐயைக் குறைக்கச் சொன்னால் மாதம் 1,811 குறையும், மொத்த மிச்சம் 1.9 லட்சம்தான். மாதச் செலவு நெருக்கினால் இரண்டாவதும் சரியான முடிவுதான். நீங்கள் தேர்ந்தெடுக்காமல் அதுவாக நடந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாகத் தவணை அட்டவணை. நீளமான தாள், 240 வரி, யாரும் படிப்பதில்லை. மூன்று இடத்தில் கைவைத்தால் போதும். முதல் வரியை நீங்களே சரிபார்க்கலாம்:

```
30,00,000 × 8.5 ÷ 1200 = 21,250
26,035 − 21,250 = 4,785
```

முதல் மாதம் கட்டும் 26,035-இல் வட்டி 21,250, அசலில் கழிவது 4,785 மட்டும். இந்த எண்கள் வரவில்லை என்றால் தொகையோ வட்டியோ வேறு என்று பொருள், உங்கள் 781-ஐப் போல. அடுத்து 60-ஆவது வரியைப் பாருங்கள். ஐந்து வருடத்தில் 15.62 லட்சம் கட்டியிருப்பீர்கள், பாக்கி சுமார் 26.44 லட்சம் நிற்கும். அசலில் கழிந்தது மூன்றரை லட்சம்தான். யாரும் ஏமாற்றவில்லை, குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போடும் முறையே இப்படித்தான் ஆரம்பிக்கும். மூன்றாவது, 25-ஆவது வரி. அங்கிருந்தும் 8.50 என்றே அச்சாகியிருக்கும், ஆனால் அது இன்றைய ரெப்போவை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. 24 வரிக்குக் கீழே உள்ளதை வங்கி கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டவணையில் வராத ஒன்றும் உண்டு. பணம் 18-ஆம் தேதி வெளியாகி, இஎம்ஐ 5-ஆம் தேதி என்றால் இடைப்பட்ட நாட்களுக்குத் தனியாக வட்டி பிடிப்பார்கள், அது சரிதான். ஆனால் வட்டி பணம் வெளியான நாளிலிருந்துதான் ஓட வேண்டும், சேங்ஷன் ஆன தேதியிலிருந்து இல்லை. வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது, பணம் தவணை தவணையாக வெளியாகிறது என்றால், வெளியான தொகைக்கு மட்டும் வட்டி கட்டும் ‘ப்ரீ இஎம்ஐ’ காலம் ஒன்று இருக்கும். அதில் அசல் ஒரு ரூபாயும் குறையாது. அந்தக் காலம் 240-க்குள் அடங்குகிறதா, வெளியே நிற்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடலாமா என்றால், இப்போது உங்கள் கையில் உள்ள தாளில் வேண்டாம். நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் சொல்கிறேன், முழு லெட்டரை நான் பார்க்கவில்லை. 30 லட்சம், இஎம்ஐ 26,035, ஸ்ப்ரெட் 3.25 எழுத்தில், 2 சதவீதம் முதல் 24 மாதத்துக்கு மட்டும் என்று திருத்திய லெட்டரும் அதோடு பொருந்தும் கேஎஃப்எஸ்ஸும் வந்தால், நானாக இருந்தால் போடுவேன். அதில் ஏபிஆர் 8.60-க்குப் பக்கத்தில் இல்லாமல் 9-ஐ ஒட்டி இருந்தால், அந்த 90,000 இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.